விற்காத சரக்கு யாருடையது? டீலர் அழைப்பு வீடியோ: ஒரு திறனாய்வு

முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய் என்று பாக்கெட் போட்டு விற்கும் சின்னக் கம்பெனி ஒன்று வடசென்னையில் கால் ஊன்ற நினைத்தால், முதலில் அதற்கு டீலர் வேண்டும். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை சந்து சந்தாக இருக்கிற கடைகளுக்கு வாரம் தவறாமல் சரக்கு போட, பாக்கி வசூலிக்க, உடைந்ததை மாற்றித்தர ஓர் ஆள் வேண்டும். முன்பு கம்பெனி பிரதிநிதி மஞ்சள் பையில் சாம்பிள் எடுத்துக்கொண்டு மொத்தக் கடைகளில் விசாரித்து ஆள் பிடிப்பார். இன்று மூன்று நிமிட வீடியோ அந்த வேலையைச் செய்கிறது. துறைமுகத்திலோ மணலி ஆலையிலோ வேலையை விட்டு வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தத் தொழில் தேடுகிறவர்தான் அதைப் பார்க்கிறார். அதனால் அந்த வீடியோவின் வசனத்தாளை ஓர் ஒப்பந்தத்தைப் படிப்பது போல வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்தக் கம்பெனியையும் சுட்டுவது என் நோக்கமல்ல. இத்தகைய வீடியோக்களில் மாற்றி மாற்றி வரும் வசனங்களைச் சேர்த்து ஒரு மாதிரித் தாள் எழுதிக்கொள்கிறேன்:

"வெறும் 2 லட்சம் முதலீடு. அதுல 50,000 டெபாசிட், முழுசா ரீஃபண்டபிள். மீதி ஒன்றரை லட்சத்துக்கும் சரக்கு. மாசம் 4 லட்சம் சேல்ஸ், 10 பர்சென்ட் மார்ஜின், 40,000 ரூபாய் வருமானம். உங்க ஏரியா உங்களுக்கு மட்டும்தான். சேல்ஸ்மேன் நாங்க தர்றோம். விக்காத சரக்கை நாங்களே எடுத்துக்குவோம்."

இதில் நல்லது உண்டு. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். தொகை சொல்கிறது. டெபாசிட்டையும் சரக்குப் பணத்தையும் பிரித்துக் காட்டுகிறது. புதிய டீலரின் பெரிய பயமான 'விற்காத சரக்கு' பற்றி வாய் திறக்கிறது. "குறைந்த முதலீடு, நிறைந்த லாபம், உடனே அழைக்கவும்" என்று மட்டும் சொல்லி முடிக்கும் வீடியோக்களைவிட இது பல படி மேல். ஆனால் ஒவ்வொரு வரியும் பாதியில் நிற்கிறது. அந்த மறுபாதியில்தான் டீலரின் பணம் இருக்கிறது. இங்கே நான் போடும் தொகைகள் மாதிரிக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் தொகையைப் போட்டு இதே முறையில் பார்த்துக்கொள்ளலாம்.

10 சதவீதம், எதன் மேல்?

எம்.ஆர்.பி. 10 ரூபாய் உள்ள ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். டீலருக்கு அது 7 ரூபாய் 50 காசுக்கு வருகிறது. கடைக்காரருக்கு 8 ரூபாய் 25 காசுக்குப் போடுகிறார். கையில் நிற்பது 75 காசு. அந்த 75 காசு, வாங்கிய விலையில் 10 சதவீதம், விற்ற விலையில் சுமார் 9 சதவீதம், எம்.ஆர்.பி.யில் ஏழரை சதவீதம். மூன்றும் உண்மைதான். ஆனால் வசனத்தாள் வாங்கிய விலையின் 10 சதவீதத்தை எடுத்து, அதை 4 லட்ச ரூபாய் விற்பனையின் மேல் போட்டு 40,000 என்கிறது. சரியாகப் போட்டால் 36,000 சொச்சம்தான். பெரிய மோசடி என்று இதைச் சொல்லமாட்டேன். எழுதியவர் கவனக்குறைவாகவும் இருக்கலாம். எனினும் "ஒரு பாக்கெட்டுக்கு உங்களுக்கு 75 காசு" என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. காசுக் கணக்கு சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்லும் வீடியோவை நான் முதல் படியிலேயே குறைத்து மதிப்பிடுவேன்.

4 லட்சம் எங்கிருந்து வரும்?

இதுதான் தாளின் மிகப் பலவீனமான வரி. ஒரு சேல்ஸ்மேன் ஒரு நாளில் 40 கடை ஏறி இறங்குவார் என்று கொள்வோம். வாரம் 6 நாள், 240 கடை. புதுச் சரக்கு என்பதால் பாதிக் கடைதான் எடுக்கும்; 120. பேர் தெரியாத மிக்சரை ஒரு கடை வாரத்துக்கு 300 ரூபாய்க்கு எடுத்தாலே நல்ல தொடக்கம். வாரம் 36,000 ரூபாய். நான்கு வாரத்தில் 1,44,000 ரூபாய். வசனத்தாள் சொல்லும் 4 லட்சம் வர வேண்டுமானால் ஒவ்வொரு கடையும் வாரம் 830 ரூபாய்க்குமேல் எடுக்க வேண்டும். டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் 10 ரூபாய்ச் சரம் தொங்கவிட்டு வாரத்துக்கு 830 ரூபாய்ச் சரக்கு நகர, விளம்பரம் பலமாக உள்ள பழைய பிராண்டாக இருக்க வேண்டும்.

சரி, 1,44,000-க்கு என்ன நிற்கும்? மார்ஜின் சுமார் 13,000 ரூபாய். செலவைப் பாருங்கள். சேல்ஸ்மேன் சம்பளத்தைச் சொன்னபடி கம்பெனியே கொடுக்கிறது என்று நம்பிக்கொள்வோம். மாதம் 12 நடை லோடு ஆட்டோ 11,000. குடோன் வாடகை 6,000. ஏற்று கூலி, பில் புத்தகம், போன் 3,000. உடைசல், சேதம் விற்பனையில் 1 சதவீதம், அதாவது 1,400. மொத்தம் 21,400. மாதம் 8,000 ரூபாய்க்குமேல் கையைக் கடிக்கும். வீடியோ சொல்லும் 4 லட்சமே விற்றாலும் உடைசல் 4,000 ஆகி, செலவு 24,000 போக, 36,000-ல் 12,000 தான் மிச்சம். சேல்ஸ்மேனைக் கம்பெனி மூன்று மாதத்தில் திரும்ப அழைத்துக்கொண்டால், அந்தச் சம்பளமும் டீலர் தலையில் விழுந்து அந்த 12,000-மும் போய்விடும்.

காரணம் எளிது. மார்ஜின் விற்ற ரூபாயைப் பொறுத்து வருகிறது. செலவு ஏறி இறங்கிய கடைகளைப் பொறுத்து வருகிறது. கடைக்கு 300 ரூபாய் எடுத்தாலும் 800 ரூபாய் எடுத்தாலும் ஆட்டோ அதே எண்ணூர் நெடுஞ்சாலையில், அதே கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றுதான் போக வேண்டும்.

இதே 1,44,000 விற்பனையை, ஏற்கெனவே பிஸ்கட்டோ சோப்போ போட்டுக்கொண்டிருக்கும் டீலர் ஒருவர் செய்தால் கணக்கே மாறிவிடும். ஆட்டோ எப்படியும் போகிறது, குடோன் இருக்கிறது. அவருக்குக் கூடுதல் செலவு ஏற்று கூலி, பில் எல்லாம் சேர்த்து 3,000-மும் உடைசல் 1,400-மும்தான். 13,000-ல் கிட்டத்தட்ட 8,600 ரூபாய் நிற்கும். ஆக, சின்ன பிராண்டின் டீலர்ஷிப் பலருக்குத் துணைத் தொழில். தனித் தொழில் ஆவதற்கு வருடங்கள் பிடிக்கும். "உங்க சொந்தத் தொழில், உங்க கனவு" என்று புதியவரை அழைக்கும் வீடியோ, தவறான ஆளைத்தான் கூப்பிடுகிறது. கம்பெனிக்கும் அது நல்லதல்ல. ஆறு மாதத்தில் கைவிட்டுப் போகும் டீலர், கடைகளில் பிராண்டின் பெயரையும் கெடுத்துவிட்டுத்தான் போவார்.

2 லட்சம் போதுமா?

வசனத்தாள் முதல் நாள் பணத்தைச் சொல்கிறது. மூன்றாம் மாதப் பணத்தைச் சொல்லவில்லை. 4 லட்ச விற்பனைக்கே கணக்குப் பார்ப்போம். பதினைந்து நாள் சரக்கு குடோனில் இருக்க வேண்டும், அது 1,80,000. கடைக்காரர் பாதிப் பணத்தை உடனே தரமாட்டார். "அடுத்த லைன்ல வாங்கிக்க தம்பி" என்பார் அண்ணாச்சி. அடுத்த லைனிலும் பாதிதான் வரும். பாதி விற்பனை இரண்டு வாரக் கடனில் போனால் தெருவில் நிற்கும் பணம் 1 லட்சம். ஸ்கீமுக்குக் கழித்துக் கொடுத்தது, சேதத்துக்கு மாற்றிக் கொடுத்தது என்று கம்பெனியிடமிருந்து வரவேண்டிய 'கிளெய்ம்' எந்நேரமும் 20,000 நிற்கும். டெபாசிட் 50,000. மொத்தம் மூன்றரை லட்சம்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு வருமானத்தை நம்பிய தெருக்களில் கடைக் கணக்கு நீளும். கடைக்காரருக்குப் பணம் வராவிட்டால் டீலருக்கு வரவேண்டிய பாக்கியும் நீளும். இரண்டு வாரப் பாக்கி நான்கு வாரமானால் இன்னும் 1 லட்சம் வேண்டும். "மாசாமாசம்" என்று ஒரே தொகையைச் சொல்லும் வசனத்தாள், ராயபுரத்துக்காக எழுதப்பட்டதல்ல என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

"விக்காத சரக்கை நாங்களே எடுத்துக்குவோம்"

முழுத் தாளையும் எடைபோட இந்த ஒரு வரி போதும் என்பேன். அது உறுதிமொழி ஆக வேண்டுமானால் நான்கு விவரம் வேண்டும்: காலாவதிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எந்த விலைக்கு எடுப்பார்கள், பணமாகவா கிரெடிட் நோட்டாகவா மாற்றுச் சரக்காகவா, மாதத்துக்கு எத்தனை சதவீதம் வரை. இந்த நான்கும் இல்லாவிட்டால், தகராறு வந்த அன்று அந்த வரியால் எந்தப் பயனும் இருக்காது.

90 நாள் ஆயுள் உள்ள மிக்சர் பாக்கெட்டைத் தொடர்ந்து போவோம். உற்பத்தியாகி, கம்பெனி குடோனில் தங்கி, டீலரிடம் வரும்போது 40 நாள் போய்விட்டதென்றால் மிச்சம் 50. தேதி பார்த்து வாங்கும் கடைக்காரர் ஒரு மாதமாவது பாக்கி இல்லாத பாக்கெட்டைக் கையில் வாங்கமாட்டார். ஆக, டீலருக்கு உண்மையில் விற்கக் கிடைத்தது 20 நாள். மெதுவாக நகரும் இரண்டு மூன்று ரகம் அந்த 20 நாளில் போகாது. திருப்பி எடுக்கும் உறுதியைவிட, "ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கும் சரக்குதான் அனுப்புவோம்" என்ற உறுதி டீலருக்குப் பெரிது. நான் பார்த்தவரை இந்த வரி எந்த வீடியோவிலும் வருவதில்லை.

கடலோரக் காற்றின் ஈரம் இன்னொரு சோதனை. காகிதத்தில் 90 நாள் ஆயுள் உள்ள முறுக்கு, ஒட்டு சரியில்லாத பாக்கெட்டில் 30 நாளில் நமுத்துப்போகும். தேதி முடியவில்லை, ஆனால் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கிறார். இது 'காலாவதி'யா, 'சேத'மா? பெரும்பாலும் இரண்டிலும் சேர்க்கமாட்டார்கள். டீலர்ஷிப் எடுக்குமுன் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்துப் பாக்கெட்டை ஒவ்வொன்றாக ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒட்டிய ஓரத்திலிருந்து குமிழி வந்தால் அங்கே காற்றுப் போகிற வழி இருக்கிறது. பத்தில் இரண்டு குமிழி விட்டால் அந்தச் சரக்கு இந்தக் கடற்கரைக்கு ஆகாது.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தரைத்தளக் குடோனில் இருக்கும் அட்டைப்பெட்டி தண்ணீரில் நின்றால், அது விற்காத சரக்கு அல்ல. டீலர் வாங்கிவிட்ட சரக்கு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை மாறியதும் இழப்பின் பொறுப்பும் வாங்கியவருக்கே மாறும். "சரக்குக்கு இன்சூரன்ஸ் நீங்க எடுக்கணும், எங்க திருப்பி எடுக்கற திட்டத்துல வெள்ளம் சேராது" என்று வீடியோ சொல்லலாம். சொன்னால் யாரும் ஓடிவிடமாட்டார்கள்.

இதிலேயே வரிக் கணக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அங்கேயே அழிச்சிடுங்க, மாத்திக் கொடுக்கறோம்" என்று போனில் சொல்லும் கம்பெனிகள் உண்டு. அழித்த சரக்குக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரிக் கழிவு தராது; எடுத்திருந்தால் டீலர் திருப்ப வேண்டும். சரக்கு முறையான தாளோடு கம்பெனிக்குத் திரும்பிப் போகிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

"உங்க ஏரியா உங்களுக்கு மட்டும்"

ராயபுரத்துக்கும் பாரிமுனைக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. பகுதிக் கடைக்காரர்கள் பலர் வாரம் ஒருமுறை கொத்தவால்சாவடி, மண்ணடிப் பக்க மொத்தக் கடைகளுக்குப் போய்த்தான் மளிகை எடுப்பார்கள். அதே பாக்கெட்டை அங்கே ஒரு மொத்தக் கடைக்காரர் 8 ரூபாய்க்குக் கொடுத்தால், 8.25-க்குப் போடும் டீலருக்கு ஏரியா காகிதத்தில்தான் இருக்கும். வேறு டீலர் போடமாட்டோம் என்பது ஒரு வாக்குறுதி. மொத்தக் கடைக்கும் ஆன்லைன் மொத்த வியாபாரத்துக்கும் உங்கள் விலைக்குக் கீழே கொடுக்கமாட்டோம் என்பது வேறு வாக்குறுதி. டீலருக்குத் தேவை இரண்டாவது. 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியதும், 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் சில பொருள்களை எடுக்க மறுத்ததும் இந்த விலைச் சமத்துவத்துக்காகத்தான். பெரிய கம்பெனிகளிடமே அந்தச் சிக்கல் இருந்தது என்றால், சின்ன பிராண்டிடம் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

அளவுகோல்

மூன்று நிமிடத்தில் இவ்வளவும் சொல்ல முடியுமா, வீடியோ ஒரு போன் காலுக்கு வழி செய்தால் போதாதா என்று தயாரிப்பவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு அமுல் பதில் சொல்லியிருக்கிறது. அமுலை விற்கும் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பு, தன் விற்பனை நிலையம் எடுக்க விரும்புவோருக்கு நெடுநாளாக ஓர் அறிவிப்புப் பக்கம் வைத்திருக்கிறது. சிறிய நிலையத்துக்குச் சுமார் 2 லட்சம் முதலீடு, அதில் 25,000 திரும்பி வராத பிராண்ட் டெபாசிட், மீதி கடை அலங்காரத்துக்கும் குளிர்பெட்டிக்கும் என்று பிரித்திருப்பார்கள். பால் பாக்கெட்டுக்கு எம்.ஆர்.பி.யில் இரண்டரை சதவீதம், பால் பொருள்களுக்கு 10, ஐஸ்கிரீமுக்கு 20 என்று எதன் மேல் சதவீதம் என்பதையும் சொல்லியிருப்பார்கள். அது கடை, இது விநியோகம். அளவும் ஒப்பிட முடியாதது. ஆனால் "இந்த 25,000 திரும்பி வராது" என்று நேராகச் சொல்லும் துணிச்சலை எந்தச் சின்னக் கம்பெனியும் கற்றுக்கொள்ளலாம். திரும்பி வராத பணத்தைச் சொல்கிறவர் திரும்பி வரும் என்று சொல்லும் பணத்தை நம்பலாம்.

இந்தத் துல்லியம் ஏன் வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. மறுவிற்பனைக்காகச் சரக்கு வாங்குபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்லர். டெபாசிட் வராவிட்டால் நுகர்வோர் ஆணையக் கதவு அவருக்குத் திறக்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துச் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். 50,000 ரூபாய்க்காக யார் போவார்? அதனால் பாதுகாப்பு முழுவதும் முன்கூட்டியே எழுதி வாங்குவதில்தான் இருக்கிறது.

மூன்று நிமிடத்தில் முடியும் என்பதைக் காட்ட அதே தாளைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

"வணக்கம். இது ஏற்கெனவே லைன் ஓட்டுற டீலர்களுக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் ஆறு மாசம் வீட்டுச் செலவுக்கு இதை நம்பாதீங்க. 10 ரூபா பாக்கெட்டுல உங்களுக்கு 75 காசு. முதல் சரக்கு ஒன்றரை லட்சம், டெபாசிட் 50,000; கடைக் கடனுக்கு இன்னும் ஒன்றரை லட்சம் கையில வச்சுக்கங்க. சேல்ஸ்மேன் சம்பளம் ஆறு மாசம் எங்களோடது, அதுக்கப்புறம் பாதிப் பாதி. ஆயுள்ல மூணுல ரெண்டு பங்கு மிச்சம் இருக்கிற சரக்குதான் வரும். காலாவதிக்கு 30 நாள் முன்னாடி சொன்னா, வாங்கின விலைக்கே, மாச விற்பனையில 2 சதவீதம் வரைக்கும் கிரெடிட் நோட்டு தருவோம். எலி, வெள்ளம் எங்க பொறுப்பு இல்ல. விலகணும்னா 30 நாள் நோட்டீஸ். நல்ல சரக்கை எடுத்துக்கிட்டு 45 நாள்ல டெபாசிட் வங்கிக் கணக்குக்கு வரும். இதெல்லாம் ஒப்பந்தத்துலயும் இருக்கும்."

படித்துப் பாருங்கள், ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. மிச்ச நேரத்துக்குத் தாராளமாக முறுக்குப் பிழியும் காட்சியைக் காட்டலாம்.

என் தீர்ப்பு இது. இப்போது புழக்கத்தில் உள்ள வகை வசனத்தாள், முதலீட்டைச் சொல்வதில் பாதித் தேர்ச்சி. ஆதரவைச் சொல்வதில் தோல்வி. எவ்வளவு, எத்தனை நாளுக்குள், யார் செலவில் என்ற மூன்றும் இல்லாத எந்த ஆதரவு வரியும் தாளில் இருக்கத் தகுதியற்றது, வெட்டிவிடலாம். லாபத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டு, விற்காத சரக்கைச் சின்ன வரியில் சொல்லும் வீடியோவை நிராகரிக்க வேண்டும்.

வீடியோவைப் பார்த்துப் போனை எடுக்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புமுன் பாக்கெட்டின் பின்னால் உள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணையும் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணையும் அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். அடுத்து, அந்தக் கம்பெனியை விட்டு விலகிய டீலர் ஒருவரின் எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் அவரிடம் ஒரே கேள்வி போதும்: "அண்ணே, டெபாசிட் எத்தனை நாள்ல வந்துச்சு?" எண்ணைக் கொடுக்க மறுத்தால், அந்த டீலர்ஷிப்பை எடுக்காதீர்கள்.